பைனரி ட்ரீயை நேர்ச் சங்கிலியாக்கும் கேள்வி: நேர்காணலில் எங்கே மடக்குவார்கள்?

லீட்கோடில் 114ஆம் எண் கணக்கு இது. ஒரு பைனரி ட்ரீ தருவார்கள். அதன் நோடுகள் எல்லாம் ப்ரீஆர்டர் வரிசையில் வலது பக்கமாகவே தொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். எந்த நோடுக்கும் இடது பிள்ளை மிஞ்சக் கூடாது. புது நோடு உருவாக்காமல், இருக்கிற பாயின்டர்களை மாற்றியே இதைச் செய்ய வேண்டும்.

ப்ரீஆர்டரில் நடந்து எல்லா நோடுகளையும் ஒரு லிஸ்டில் போட்டுக்கொண்டு, பிறகு ஒன்றோடொன்று கோர்ப்பது முதலில் தோன்றும் வழி. விடை சரியாக வரும், ஆனால் நோடு எண்ணிக்கை அளவுக்குக் கூடுதல் இடம் தின்னும். அடுத்தது ரிகர்ஷன். இதில் ப்ரீஆர்டரிலேயே போய், முந்தைய நோடின் `right`-ஐ இப்போதைய நோடுக்குத் திருப்பினால் வலது கிளைக்குப் போகும் வழி அறுந்துவிடும். அதனால் வலது, இடது, தான் என்று தலைகீழாக நடந்து, சங்கிலியை வாலிலிருந்து கட்டிக்கொண்டு வருவார்கள். அழகான வழிதான். ஆனால் ட்ரீயின் உயரம் அளவுக்கு ஸ்டாக் பிடிக்கும். பைத்தானில் ரிகர்ஷன் வரம்பு இயல்பாக 1000. ஒரே பக்கமாகச் சாய்ந்த 2000 நோடு ட்ரீயைக் கொடுத்தால் அங்கேயே விழுந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் நேர்காணல் செய்பவர் நிமிர்ந்து உட்காருவார்: "ஸ்டாக்கும் வேண்டாம், ரிகர்ஷனும் வேண்டாம். முடியுமா?" முடியும்.

```python
def flatten(root):
    cur = root
    while cur:
        if cur.left:
            p = cur.left
            while p.right:
                p = p.right
            p.right = cur.right
            cur.right = cur.left
            cur.left = None
        cur = cur.right
```

இதை மனப்பாடம் செய்து எழுதிவிடலாம், பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அடுத்து வரும் கேள்வியில்தான் சிக்கிக்கொள்வார்கள். என் அனுபவத்தில் இந்தக் கணக்கில் நிஜமாகக் கேட்க வேண்டிய கேள்வியும் அது ஒன்றுதான்: "இடது கிளையில் வலது பக்கமாகவே போய் நிற்கும் நோடு `p`. அந்தக் கிளையின் ப்ரீஆர்டரில் கடைசியாக வருவது அதுதானா?"

"ஆமாம்" என்று சொன்னால் மாட்டினீர்கள். கீழே உள்ள ட்ரீயைப் பாருங்கள்.

```
        1
      /   \
     2     6
    / \     \
   3   4     7
      /
     5
```

1-இன் இடது கிளையின் ப்ரீஆர்டர் 2, 3, 4, 5. கடைசி நோடு 5. ஆனால் நம் நிரல் 2-லிருந்து வலப்பக்கம் போனால் 4-இல் நின்றுவிடும், ஏனென்றால் 4-க்கு வலது பிள்ளை இல்லை. 6-ஐ 4-இன் வலப்பக்கம் தொங்கவிடும். 5-க்குப் பின்னால் வர வேண்டிய 6, 4-க்கு அடியில் போய்ச் சேர்ந்தால் வரிசை கெடாதா?

கெடாது. 4-க்கு இப்போது இடப்பக்கம் 5, வலப்பக்கம் 6. ப்ரீஆர்டர் 4-ஐச் சொல்லி, அதன் இடது கிளையை முழுவதும் முடித்த பிறகுதான் வலப்பக்கம் போகும். ஆகவே 4, 5, 6 என்றேதான் வரும். இதைப் பொதுவாகவும் சொல்லிவிடலாம். `p`-க்கு வலது பிள்ளை இல்லாததால், அதன் இடது கிளை முடிந்ததும் `p`-இன் கிளை முழுவதும் முடிந்துவிடுகிறது. `p`-க்கு மேலே `cur.left` வரை எல்லாம் வலது இணைப்புகளே. அந்த நோடுகளிலும் சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை. எனவே `p`-இன் வலது இடத்தில் எதை ஒட்டினாலும் அது இடது கிளை மொத்தமும் முடிந்த அடுத்த கணமே வரும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

அதாவது ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ட்ரீயின் வடிவம் மாறுகிறது, ப்ரீஆர்டர் வரிசை மாறுவதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, நிரலை மேசையில் ஓட்டிக் காட்டுங்கள். `cur` 1-இல் இருக்கும்போது 6, 4-க்கு அடியில் போகிறது; 1-இன் வலப்பக்கம் 2 வருகிறது. `cur` 2-க்கு வந்ததும் இடப்பக்கம் 3, அதுவே `p`. 4 அதன் வலப்பக்கம் போகிறது. 3-க்கு இடது பிள்ளை இல்லை, தாண்டிவிடலாம். 4-க்கு வந்தால் 5 `p` ஆகிறது, 6 இப்போது 5-க்கு அடியில் இடம் மாறுகிறது. முதல் சுற்றில் தற்காலிகமாக ஒட்டிய 6 தன் சரியான இடத்துக்கு வந்து சேருவது இங்கேதான். மிச்சம் 5, 6, 7 ஏற்கெனவே நேராக நிற்கின்றன.

ஜே. எச். மோரிஸ் 1979-இல் வெளியிட்ட ட்ரீ நடையைப் படித்தவர்களுக்கு வலப்பக்கம் தேடும் இந்த உத்தி பழகியதாக இருக்கும். அங்கே போடும் இணைப்பு `cur`-க்கே திரும்பி வரும், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். இங்கே இணைப்பு `cur.right`-க்குப் போகிறது, கழற்றுவது இல்லை.

உள்ளே ஒரு `while`, வெளியே ஒரு `while` என்பதால் O(n²) என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். `p` நடக்கும் நோடுகள் எல்லாம் அந்தச் சுற்று முடிந்ததும் `cur`-இன் வலது வரிசையில் சேர்ந்துவிடுகின்றன. அடுத்தடுத்த தேடல்கள் ஏதோ ஓர் இடது பிள்ளையிலிருந்து தொடங்கி அதன் கிளைக்குள்ளேயே முடிவதால், வரிசையில் சேர்ந்துவிட்ட நோடை `p` மறுபடி தொடாது. ஒரு நோடை `p` அதிகபட்சம் ஒருமுறை, `cur` ஒருமுறை தொடும். மொத்தம் 2n-க்குள், ஆக O(n).

பிழை வருவது பாயின்டர் மாற்றும் மூன்று வரிகளில்தான். முதல் இரண்டை இடம் மாற்றி எழுதினால் மேலே உள்ள ட்ரீயில் என்ன ஆகிறது என்று பாருங்கள். `cur` 2-இல் இருக்கும்போது முதலில் 2-இன் வலப்பக்கம் 3 ஆகிவிடும். பிறகு 3-இன் வலப்பக்கமும் அதே 3 ஆகிவிடும். `cur` 3-இலேயே சுற்றிக்கொண்டிருக்கும், மற்ற நோடுகள் தொலைந்தே போகும். நேர வரம்பு தாண்டியது என்று பதில் வந்தால் அல்காரிதம் மெதுவானது என்று எண்ணாமல், இந்த வரிசையைத்தான் முதலில் பாருங்கள்.

மூன்றாவது வரியை விட்டால் வரும் பிழை இன்னும் கள்ளத்தனமானது. `cur.left = None` இல்லாமலும் நிரல் முடிந்துவிடும். வலப்பக்கமாக மட்டும் நடந்து அச்சிட்டால் 1 முதல் 7 வரை ஒழுங்காகவே வரும். ஆனால் 1, 2, 4 ஆகியவற்றின் இடமும் வலமும் ஒரே பிள்ளையைக் காட்டிக்கொண்டிருக்கும். முழு ப்ரீஆர்டர் அச்சிட்டால் 7 எண்களுக்குப் பதில் 35 வந்து விழும். அதனால் சோதிக்கும்போது வலது நடையை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு நோடிலும் `left` காலியா என்றும் பாருங்கள்.

`cur.right` காலியாக இருந்தால் தனியாக ஒரு `if` வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். `p.right` ஏற்கெனவே காலி, அதில் காலியையே எழுதுகிறோம். ரூட்டே இல்லாத ட்ரீக்கும் வெளி `while` உள்ளே போகாமலே முடிந்துவிடும்.