செங்கடை மழைக்கண்ணாளின் சந்நிதியில்

பேத்திக்கு வரன் அமைந்தால் சித்திரா பௌர்ணமியன்று கண்ணகி கோட்டத்திற்கு வந்து பட்டும் மஞ்சள் கயிறும் சாத்துவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். தை மாதத்தில் வரன் அமைந்தது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. இதற்கிடையில் பத்திரிகையில் என்ன அச்சிடுவது என்பதில் வீட்டுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. பள்ளியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் என்ற உரிமையில், சிலப்பதிகாரத்தின் மனையறம் படுத்த காதையில் கோவலன் தன் புது மணப்பெண்ணை நலம் பாராட்டும் வரிகளைப் போட விரும்பினேன். அத்தை ஒரே சொல்லில் மறுத்தார்: “விட்டுட்டுப் போனவன் பாடினதையா கல்யாணப் பத்திரிகையில போடுவாங்க?” அதற்கு அம்மா, “அவகிட்டயே கேட்டுட்டு வந்து போடலாம்” என்றார். அதன்பின் அத்தை வாய் திறக்கவில்லை.

ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே கோட்டத்தின் வழி திறப்பதால் கூட்டம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கால் வலுவுள்ளவர்கள் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து ஏறுகிறார்கள். அம்மாவுக்காக நாங்கள் குமுளி சென்று ஜீப்புக்கு வரிசையில் நின்றோம். விடியுமுன் நின்றும் வெயில் ஏறிய பிறகுதான் இடம் கிடைத்தது. இடையில் ஒருவர் வந்து, கூடுதலாகக் கொடுத்தால் முன்னால் ஏற்றிவிடுவதாகக் காதோடு காதாகச் சொன்னார். தெய்வ காரியத்திற்கு வந்த இடத்திலும் இந்தப் பேரம்! வனத்துறையினர் பையைச் சோதித்து பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டதைக் குறை சொல்ல மாட்டேன், புலிகள் வாழும் காடு அது. ஆனால் குண்டும் குழியுமான அந்த மலைப்பாதையில் ஜீப் குலுங்கிய குலுக்கலில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு ‘தாயே தாயே’ என்று சொல்லிக்கொண்டே வந்தது மனத்தைப் பிசைந்தது.

அந்தப் பாதையில்தான் வரிகளை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். தீராக் காதலோடு மனைவியின் முகத்தைப் பார்த்துக் கோவலன் சொல்வதை இளங்கோவடிகள் ‘குறியாக் கட்டுரை’ என்கிறார். முன்கூட்டி எண்ணாமல் தானாக வந்த பேச்சு என்பது பொருள். ஆனால் அந்தப் பேச்சுக்குள் கண்டிப்பான ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு தெய்வமும் தன் உடைமை ஒன்றை மணப்பெண்ணுக்குக் கொடுக்கிறது. கொடுப்பதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. திருமகளாகிய அவளும் பிறையும் பாற்கடலில் பிறந்த உடன்பிறப்புகள் ஆதலால் சிவபெருமான் பிறையை நெற்றியாகத் தரட்டும் என்கிறான். போரில் சிறப்பவருக்குப் படைக்கலம் வழங்குவது மரபு ஆதலால் மன்மதன் தன் ஒரே கரும்பு வில்லை இரண்டு புருவங்களாக்கித் தரட்டும் என்கிறான். இந்திரனின் வச்சிரப் படை இடையாகிறது. அமுதத்திற்கு முன் பிறந்தவள் என்பது அதற்குக் காரணம். அப்புறம் கண்ணுக்கு வருகிறான்:

அறுமுக ஒருவனோர் பெறுமுறை யின்றியும்
இறுமுறை காணும் இயல்பினின் அன்றே
அஞ்சுடர் நெடுவேல் ஒன்றுநின் முகத்துச்
செங்கடை மழைக்கண் இரண்டா ஈத்தது

இங்கே மட்டும் கணக்கு உடைகிறது. முருகனிடம் நீ எதையும் பெறுவதற்கு முறை கிடையாது. இருந்தும் அவன் தன் ஒற்றை வேலை உனக்கு இரண்டு கண்களாகக் கொடுத்துவிட்டான், நான் அழிவதைக் காணும் இயல்பினால்தான் கொடுத்தான் என்கிறான். காதலன் தன்னைத் தானே வதைபட்டவனாகக் காட்டிக்கொள்ளும் செல்லப் பேச்சு இது. ஆனால் கதை முழுவதும் தெரிந்த நமக்கு ‘இறுமுறை’ என்ற சொல்லைக் கேட்டதும் மதுரைக் கொலைக்களம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அத்தையின் அச்சத்திற்கு வேர் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்பதை ஜீப்பில் வரும்போது ஒப்புக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. வேல் கூரியது, சுடுவது. ‘மழைக்கண்’ என்பதோ மழைபோல் குளிர்ந்த கண். கடைக்கண்ணில் செவ்வரி, நடுவில் குளிர்ச்சி, பார்வையில் வேல் என மூன்றையும் ஒரே அடியில் வைத்துவிட்டார் அடிகள். இந்தக் கண்ணைப் பிறகு அவர் ஒருபோதும் கைவிடவில்லை. கணவன் மாதவியிடம் போனபின் ‘செங்கயல் நெடுங்கண் அஞ்சனம் மறப்ப’ என்கிறார். மீன் போன்ற அந்தக் கண் மை தீட்டிக்கொள்ளவும் மறந்துவிட்டது. இந்திர விழாவில் ‘கண்ணகி கருங்கணும் மாதவி செங்கணும்’ நீர் உகுத்துத் துடிக்கின்றன. கண்ணகிக்கு இடக்கண், மாதவிக்கு வலக்கண். சகுனம் அறிந்தவர்களுக்கு எவளுக்கு நன்மை, எவளுக்குத் தீமை என்பது அந்த ஓரடியிலேயே விளங்கிவிடும். மதுரையில் அவள் ‘நெடுங்கயற்கண் நீர்துடையா’ அரசன் வாயிலுக்குச் செல்கிறாள். அரசனுக்கோ அவள் பெயர் தெரியாது. ‘நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய்’ என்று கண்ணை வைத்தே அவளை விளிக்கிறான். மணமாடத்தில் மழையென்று கொஞ்சப்பட்ட கண்ணிலிருந்து நீர் வழிந்து நிற்கையில் அது அவளுடைய பெயராகவே ஆகிவிட்டது.

கோட்டத்தில் இடிந்த கற்சுவர்களுக்கிடையே வரிசை ஊர்ந்தது. கைபேசியை உயர்த்திப் படம் எடுப்பவர்களால் முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை. சந்நிதிக்கு முன் வந்ததும் பின்னாலிருந்து தள்ளிய தள்ளலில் அம்மா தடுமாற, அர்ச்சகர் அவருடைய வயதைப் பார்த்து ஒரு கணம் கூட்டத்தை நிறுத்தித் தீபத்தை முகத்தருகே உயர்த்திக் காட்டினார். பட்டும் பூவும் மறைத்தது போக மஞ்சள் முகத்தில் கருமை தீட்டிய இரண்டு கண்கள். சுடர் அசைய அசைய அந்த மையின் ஓரம் ஈரம்போல் மின்னியது. நெஞ்சுக்குள் நான் சொல்லிக்கொண்டு வந்த வரி ‘செங்கடை மழைக்கண்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. அதற்குமேல் சொல் எழவில்லை. மை மறந்த கண்ணுக்கு யாரோ ஒருவர் இன்று மை தீட்டியிருக்கிறார்களே என்ற ஒரே எண்ணத்தில் கண்ணீர் பெருகிவிட்டது. தாயே, என் குழந்தையின் கண் என்றைக்கும் மை மறக்காதிருக்க அருள்வாய் என்பதைத் தவிர வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை.

இறங்கும் வழியில் அம்மாவிடம் ஒன்றைச் சொன்னேன். முருகனிடம் பெற முறை இல்லாதவள் என்று கோவலன் பாடினான். அவளோ இறுதியில் ‘நெடுவேள் குன்றம் அடிவைத் தேறி’ என்றபடி முருகனுடைய மலையைத்தான் தேடிப் போனாள். பூத்த வேங்கையின் கீழ்ப் பதினான்கு நாள் நின்று, அதன்பின் கணவனோடு விண்ணேறினாள். அந்த மலை இதுதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திருச்செங்கோடு என்பாரும் உண்டு. வேலைக் கண்ணாகப் பெற்றவள் வேலவன் வாசலுக்கே வந்து சேர்ந்தாள் என்றால், விளையாட்டாகச் சொன்ன அந்த உறவு பொய்யாகவில்லை என்றுதானே பொருள்?

அம்மா முந்தானையில் முடிந்த குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “அப்ப முழுசாவே போடுப்பா, அந்த வேல் வரியையும் சேர்த்து” என்றார். ஊர் வந்ததும் அச்சகத்தில் நான்கு அடிகளையும் கொடுத்துவிட்டேன். முதல் பத்திரிகையை அத்தைக்குத்தான் கொண்டுபோனோம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தவர், ‘மழைக்கண்’ணுக்கு என்ன பொருள் என்று கேட்டார், குளிர்ந்த கண் என்றேன். தாயின் கருணையை என்னவென்று சொல்வது! மறுத்துப் பேசிய அத்தையே இப்போது வருகிற போகிற உறவினர்க்கெல்லாம் அந்த வரிகளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார், அடுத்த சித்திரா பௌர்ணமிக்குத் தன்னையும் அழைத்துப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு.