0.08 கிராம் மயில்துத்தம்: ஒரு எஸ்.ஓ.பி. எழுதிய நாட்குறிப்பு

நவம்பர் 12, புதன்

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 30. வரும் கோடையில் எட்டு வாரம், தாமிரத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களைப் பற்றி ஆராயும் ஒரு பல்கலைக்கழக லேபில் இன்டர்ன்ஷிப். மதிப்பெண் பட்டியல், ஒரு பரிந்துரைக் கடிதம், 600 வார்த்தைக்குள் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் என்கிற எஸ்.ஓ.பி. முதல் இரண்டும் என் கையில் இல்லை. மூன்றாவதை இன்று இரவே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடித்தும் விட்டேன். 590 வார்த்தை.

‘சிறுவயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்’ என்று ஆரம்பம். நடுவில் ஒரு பெரிய மனிதரின் மேற்கோள். கடைசியில் ‘உங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் பணிபுரிவது என் பாக்கியம்’. ஆங்கிலத்தில் படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 15, சனி

எங்கள் கல்லூரியில் படித்துவிட்டு இப்போது காலாப்பட்டில் பிஎச்.டி. செய்கிற அக்கா, வார இறுதிக்கு மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்திருந்தார். பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். பென்சிலை எடுத்தார், முதல் பத்தியை அடித்தார். மேற்கோளை அடித்தார். ‘புகழ்பெற்ற ஆய்வகம்’ வரியின் மேல் வேறு ஒரு லேபின் பெயரை எழுதிக் காட்டினார்.

“இப்பவும் வாக்கியம் சரியாத்தானே இருக்கு? அப்போ இது எதுக்கு?”

கடைசியில் தப்பித்தது இரண்டே வரி. ‘என் புராஜெக்டில் கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகச் சேற்றிலிருந்து தாமிரத்தைத் தாங்கும் ஏழு பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தேன். அவை 5 மில்லிமோலார் காப்பர் சல்பேட்டில் வளர்ந்தன.’

“இது உன் கையால செஞ்சது. ஏன் துறைமுகச் சேறு?”

அப்பா படகு ரிப்பேர் செய்கிறவர். படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமல் இருக்க அடிக்கும் சிவப்பு பெயிண்டில் தாமிர ஆக்சைடு இருக்கிறது. பழைய பெயிண்டைச் சுரண்டினால் அந்தத் தூள் உப்பனாற்றுக் கரையிலேயேதான் விழும். பத்து வருடமாகப் பார்க்கிறேன். அதனால்தான் அங்கே சேறு எடுத்தேன் என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “இதை ஏன்டி எழுதல?”

அது வீட்டு விஷயம் என்று நினைத்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. அக்கா சொன்னபடி அந்த இரண்டு வரியை ஒரு பத்தியாக விரிக்க ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். என்ன செய்தேன், எவ்வளவு எடுத்தேன், என்ன பார்த்தேன் என்று வரிசையாக எழுதச் சொல்லியிருந்தார்.

நோட்டில் இப்படி இருக்கிறது: 100 மில்லி நியூட்ரியன்ட் அகாருக்கு, அதாவது பாக்டீரியா வளர்க்கும் மீடியாவுக்கு, 0.08 கிராம் காப்பர் சல்பேட். பக்கத்தில் கணக்கு: 159.6 × 0.005 × 0.1 = 0.08.

கணக்கு சரி. ஆனால் 159.6 என்பது தண்ணீர் இல்லாத காப்பர் சல்பேட்டின் மூலக்கூறு எடை. அது வெள்ளைப் பொடி. நான் எடுத்ததோ நீலப் படிகம், ஒவ்வொரு தாமிரத்தோடும் ஐந்து நீர் மூலக்கூறு உட்கார்ந்திருக்கும் மயில்துத்தம். அதன் எடை 249.7. பத்தாம் வகுப்பிலேயே படித்தது, படிகத்தைச் சூடாக்கினால் நீலம் போய் வெளுக்கும் என்று. வெள்ளைப் பொடிக்கான எண்ணைப் போட்டு நீலப் படிகத்தை நிறுத்திருக்கிறேன்.

திருப்பிக் கணக்குப் போட்டேன். 0.08 கிராமை 249.7-ஆல் வகுத்து, 0.1 லிட்டரால் வகுத்தால் 0.0032. அதாவது 3.2 மில்லிமோலார். ஆறு மாதமாக நான் 5 என்று சொல்லிக்கொண்டிருந்தது 3.2.

இரண்டு முறை செமினாரில் பேசியிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எஸ்.ஓ.பி. எழுதாமல் இருந்திருந்தால் இது அப்படியே போயிருக்கும்.

நவம்பர் 17, திங்கள்

கைடு மேடத்திடம் நோட்டை நீட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கணக்கைப் படித்தவர், “நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனே” என்றார்.

அப்புறம் கேட்ட கேள்விதான் இன்னும் மோசம். “சாதாரண ஈ.கோலி 3.2-ல வளருமா, வளராதா?”

தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண பாக்டீரியாவைக்கூட நான் வைக்கவில்லை. ஏழும் வளர்ந்தன, அதனால் ஏழும் தாமிரத்தைத் தாங்கும் என்று எழுதிவிட்டேன்.

திரும்பச் செய்யலாம் என்றார். இந்த முறை நேரடியாக நிறுக்கக் கூடாது. எங்கள் தராசு இரண்டு தசமம்தான் காட்டும், 0.08 மாதிரிச் சின்ன அளவில் கடைசி இலக்கத்தை நம்பவே முடியாது. 2.5 கிராம் படிகத்தைக் கரைத்து மொத்தம் 10 மில்லி ஆக்கினால் 1 மோலார் ஸ்டாக் கிடைக்கும். ஆட்டோகிளேவ் செய்த அகார் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், 100 மில்லிக்கு ஸ்டாக்கில் 0.3 மில்லி விட்டால் 3 மில்லிமோலார். 0.4 விட்டால் 4. 0.5 விட்டால் 5.

நவம்பர் 18, செவ்வாய்

பிளேட் ஊற்றினேன். தாமிரம் இல்லாதது, 3, 4, 5, ஒவ்வொன்றிலும் மூன்று, ஆக 12 பிளேட். ஒவ்வொரு பிளேட்டின் அடியிலும் மார்க்கரால் எட்டுக் கட்டம். ஏழில் என் பாக்டீரியாக்கள், எட்டாவதில் கல்லூரி லேபின் ஈ.கோலி. எல்லாவற்றையும் ஒரே அளவு கலங்கலாக்கி ஒரு சொட்டு வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

48 மணி நேரம் ஆயிற்று.

3 மில்லிமோலாரில் எட்டுக் கட்டமும் நிறைந்திருந்தன. ஈ.கோலியும் கொழுகொழுவென்று. ஆக, நான் ‘தாமிரத்தைத் தாங்கும்’ என்று தேர்ந்தெடுத்த பழைய பிளேட்டில் யார் வேண்டுமானாலும் வளர்ந்திருப்பார்கள்.

4-இல் ஈ.கோலி மெல்லிய படலம்தான். என்னுடையதில் நான்கு நன்றாக வளர்ந்தன. 5-இல் ஈ.கோலி கட்டம் காலி, மூன்று பிளேட்டிலும். வளர்ந்தவை மூன்றாம் எண்ணும் ஆறாம் எண்ணும் மட்டும்.

ஏழு இரண்டாகிவிட்டது. அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். “ரெண்டு இருக்கே” என்றார்.

நவம்பர் 22, சனி

அந்த லேபின் கட்டுரை ஒன்றை இன்று ஒழுங்காகப் படித்தேன். இதுவரை சுருக்கத்தையும் முடிவையும் மட்டும்தான் படித்திருந்தேன். அக்கா, “மெத்தட்ஸ் படி, அவங்க மீடியா என்னன்னு பாரு” என்றார்.

அவர்கள் நியூட்ரியன்ட் அகாரைத் தொடவே இல்லை. உப்புகளும் ஒரே ஒரு கார்பன் உணவும் மட்டும் உள்ள மினிமல் மீடியா. அதிலும் அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பஃபராக வழக்கமான பாஸ்பேட்டைப் போடாமல் பைப்ஸ் என்ற வேதிப்பொருளைப் போட்டிருக்கிறார்கள். ஏன் இவ்வளவு சுற்று என்று முதலில் புரியவில்லை.

பிறகு என் பிளேட்டின் நிறம் நினைவுக்கு வந்தது. ஸ்டாக் நல்ல நீலம். அகாரில் விட்டதும் பச்சை கலந்த வேறு ஒரு நிறமாக மாறும். அதை எப்போதும் பார்த்திருக்கிறேன், ஏன் என்று யோசித்ததில்லை. நியூட்ரியன்ட் அகாரில் பெப்டோன் இருக்கிறது. அதன் அமினோ அமிலங்களும் சிறு புரதத் துண்டுகளும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பேட் இருந்தால் அதோடு சேர்ந்து வீழ்படிவாகக் கீழே இறங்கிவிடும். பாக்டீரியாவைத் தொடுவது பிடிபடாமல் மிஞ்சிய தாமிரம்தான். நான் 5 போட்டேன் என்பது உண்மை, ஆனால் பாக்டீரியா எவ்வளவைச் சந்தித்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஈ.கோலி 3-இல் கொழுத்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் எண்ணும் ஆறாம் எண்ணும் ஈ.கோலியைவிட அதிகம் தாங்குகின்றன என்பது ஒரே மீடியாவில் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தது, அதனால் அது நிற்கும். ஆனால் அவை உண்மையிலேயே தாமிரத்தை வெளியே தள்ளுகின்றனவா, அல்லது பெப்டோன் இருக்கும்வரைதான் இந்த வீரமா? அது எனக்குத் தெரியாது, எங்கள் லேபில் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

பாதி எழுதியாயிற்று. தவற்றைச் சொல்லலாமா என்பதில் வீட்டிலேயே இரண்டு கட்சி. அம்மா, “நீயா ஏன் போய்ச் சொல்ற, புதுக் கணக்கை மட்டும் எழுது” என்கிறார். அக்கா சொல்லச் சொல்கிறார், ஆனால் ஒரே வாக்கியத்தில், மன்னிப்பெல்லாம் கேட்காமல். மேடத்தின் பரிந்துரைக் கடிதத்திலும் புராஜெக்ட் வருகிறது, அதிலும் எண் ஒத்துப்போக வேண்டும். அக்கா சொன்னபடியே செய்தேன். நடுப்பத்தி தமிழில் இப்படி வரும்:

‘முதலில் 5 மில்லிமோலார் என்று பதிவு செய்த அளவு, படிக நீரைக் கணக்கில் எடுக்காததால் உண்மையில் 3.2 மில்லிமோலார். திருத்திய அளவுகளில், ஈ.கோலியை ஒப்பீடாக வைத்து மீண்டும் சோதித்தபோது, ஏழில் இரண்டு மட்டுமே 5 மில்லிமோலாரில் வளர்ந்தன. நியூட்ரியன்ட் அகாரின் பெப்டோன் தாமிரத்தைப் பிணைப்பதால், இந்த இரண்டின் தாங்குதிறனை இந்த மீடியாவை வைத்து அளக்க முடியாது. நீங்கள் பயன்படுத்தும் பாஸ்பேட் இல்லாத மினிமல் மீடியாவில் இதைச் சோதிக்க விரும்புகிறேன்.’

கடைசி வாக்கியத்தில் லேபின் பெயர் இல்லை. ஆனால் அதை வேறு லேபுக்கு அனுப்ப முடியாது.

எட்டு வாரத்தில் என்ன செய்வேன் என்ற பத்தியில் முதலில் ஜீனோம் முழுக்கப் படிப்பேன் என்று எழுதியிருந்தேன். அக்கா சிரித்தே விட்டார். அதை எடுத்துவிட்டு பி.சி.ஆரில், தாமிரத்தை வெளியே தள்ள உதவும் copA ஜீனைத் தேடுவேன் என்று போட்டேன். அதுவும் நிற்கவில்லை. copA சாதாரண ஈ.கோலியிலேயே இருக்கிறது, பாண்டு தெரிந்தால் ஜீன் இருக்கிறது என்று அர்த்தமே தவிர, தாங்குதிறன் அதனால்தான் என்று ஆகாது. இப்போது இருப்பது இவ்வளவுதான்: மினிமல் மீடியாவில் இந்த இரண்டும் வளர்கின்றனவா என்று முதலில் பார்ப்பேன். வளர்ந்தால் ஈ.கோலியோடு சேர்த்து, தாமிரத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே வளர்ச்சி வளைகோடு எடுப்பேன். வளராவிட்டால் எந்த உணவு தேவை என்று தேடுவதிலேயே பாதி நாள் போகும், அதையும் எழுதியிருக்கிறேன். சேற்று பாக்டீரியா எல்லாம் நாம் கொடுக்கிற ஒற்றைச் சர்க்கரையில் வளர்ந்துவிடாது.

நவம்பர் 28, வெள்ளி

470 வார்த்தை. முதல் வாக்கியம் அப்பா பெயிண்ட் சுரண்டுவது. ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு என்ன சொல் என்று அப்பாவிடமே கேட்டேன். “சுரண்டுறதுக்கு என்ன, ஸ்கிராப்பிங்தான்” என்றார்.

மாலை 5.40-க்கு அனுப்பினேன். உடனே ஒரு தானியங்கி பதில் வந்தது. மூன்றாம் எண்ணையும் ஆறாம் எண்ணையும் புது ஸ்லான்ட்டுக்கு, அதாவது அகார் சாய்வாக உறைந்த குழாய்க்கு, மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன், மே மாதம் வரை உயிரோடு இருக்க வேண்டுமே. மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்த 12 பிளேட்டை இன்னும் ஆட்டோகிளேவில் போடவில்லை; லேப் அண்ணா இரண்டு முறை கேட்டுவிட்டார்.