ஆவணி முகூர்த்தமும் ஒரு மஞ்சள் முகமும்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு. கும்பகோணம்

ஆடிப் பதினெட்டு. காலையில் காவிரிக்குப் போய்விட்டு வந்து, தேங்காய் சாதமும் புளியோதரையும் சாப்பிட்டுவிட்டு, மணப்பெண் மேக்கப் பிரஷ்களை எல்லாம் கழுவி மாடியில் காயப்போட்டிருக்கிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் போன் ஓய்வதில்லை. எடுத்தவுடன் எல்லோரும் கேட்பது, "அக்கா, பேக்கேஜ் எவ்வளவு?" சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது மூன்றுதான். முகூர்த்தம் மட்டும் என்றால் 14,000 ரூபாய். மேக்கப், சடை அலங்காரம், புடவை கட்டுவது, நடுவில் கூரைப்புடவை மாற்றிக் கட்டுவது எல்லாம் இதில் அடக்கம். முந்தின நாள் மாலை வரவேற்பும் சேர்ந்தால் 24,000. அதோடு அம்மா, அக்கா, நாத்தனார் என்று வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்கும் செய்ய வேண்டுமென்றால் 30,000. நெற்றிச்சுட்டி, ராக்கொடி, சடைபில்லை, ஒட்டியாணம் கொண்ட செட் பின்னிரண்டில் வாடகையில்லாமல் வரும். முதலாவதில் 2,000 தனி.

பூவை மட்டும் நான் சேர்ப்பதில்லை. முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கே போய் நிற்கும் என்று பூக்கடைக்காரருக்கே தெரியாது. எத்தனை முழம் வேண்டும் என்று சொல்லிவிடுவேன், நீங்களே வாங்கிக்கொள்ளலாம்.

மெஷினால் தெளித்துப் போடும் ஏர்பிரஷ் மேக்கப் கேட்பவர்களுக்கு 4,000 அதிகம். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரவேற்புக்கு அழகாக இருக்கும். முகூர்த்தத்தில் ஹோமப் புகை கண்ணில் பட்டு, தாரை வார்க்கும்போது அப்பாவைப் பார்த்து அழுது, கன்னத்தில் கோடு விழுந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். கையால் போட்டதென்றால் ஸ்பாஞ்சால் ஒற்றி இரண்டு நிமிடத்தில் சேர்த்துவிடலாம்.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பெண் ட்ரயலுக்கு வந்தாள். கல்யாணம் 29ஆம் தேதி, முகூர்த்தம் 6 மணிக்கு. இரண்டாவது பேக்கேஜ். கூட வந்த அத்தை உட்காரும் முன்பே சொன்னார்: "பொண்ணு கொஞ்சம் வெள்ளையா தெரியணும்மா."

இதை வாதாடி ஜெயிக்க முடியாது, காட்டித்தான் ஜெயிக்க வேண்டும். தாடை ஓரத்தில் மூன்று நிறங்களைக் கோடாக இழுத்தேன். ஒன்று அத்தை கேட்டபடி இரண்டு படி வெளுப்பானது. பத்து நிமிடம் காயவிட்டு வாசல் வெளிச்சத்தில் நிற்க வைத்தேன். வெளுத்த கோடு சாம்பல் பூத்துக் கிடந்தது. கழுத்தோடு சேர்ந்து காணாமல் போனது நடுக்கோடுதான். பிறகு ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துக் காட்டினேன். அதில் சாம்பல் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அத்தை மறுபேச்சு பேசவில்லை.

நிறத்தைக் கையில் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. கை வெயிலில் கறுத்திருக்கும், அது வேறு நிறம். தாடையும் கழுத்தும் சேருகிற இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

காதுக்குப் பின்னால் கொஞ்சம் ஃபவுண்டேஷன் தடவி அனுப்பினேன். இரண்டு நாளில் அரிப்போ தடிப்போ வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஃபேஷியல், ப்ளீச் எதுவாக இருந்தாலும் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடச் சொன்னேன். நலங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மறந்துவிட்டேன்.

2025 ஆகஸ்ட் 28, வியாழன். இரவு 10.40

மண்டபத்தில் மணமகள் அறையிலிருந்து எழுதுகிறேன். இன்று மாலை 4 மணிக்கு வந்து பார்த்தபோது பெண் மஞ்சளாக உட்கார்ந்திருந்தாள். காலையில் நலங்கு. கஸ்தூரி மஞ்சள் என்றால் இவ்வளவு பிடிக்காது. இவர்கள் சமையல் மஞ்சளைக் குழைத்து, ஏழெட்டுப் பேர் மாறி மாறிப் பூசியிருக்கிறார்கள். புருவம், முடி தொடங்கும் ஓரம், காதின் பின்புறம், கழுத்து மடிப்பு எல்லாம் அழுத்தமான மஞ்சள். அன்றைக்கு ட்ரயலில் தேர்ந்தெடுத்த நிறத்தைக் கன்னத்தில் வைத்தேன். பொருந்தவே இல்லை.

போதாததற்கு அவள் இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே கதைதான். சோப்பிலும் காரம் இருக்கிறது. மஞ்சள் போகாமல் ஓரங்கள் செங்காவியாகித் தோலும் எரிச்சல் கண்டிருந்தது.

மஞ்சளின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காய் எண்ணெயைத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பஞ்சு மஞ்சளாவது நிற்கும்வரை, மொத்தம் மூன்று முறை. தேய்த்தால் சிவந்துவிடும், அதனால் ஒற்றல்தான். பிறகு வெதுவெதுப்பான ஈரத்துணி, அதற்குப் பிறகு மென்மையான ஃபேஸ்வாஷ். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் மேக்கப் நிற்காமல் வழுக்கும். டிஷ்யூ பேப்பரை நெற்றியில் வைத்து அழுத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை, சரி.

அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மஞ்சள் முகத்துல இருந்தாத்தானே மங்கலம், அதைப் போய் தொடைக்கிறியே?"

"கையிலயும் கால்லயும் அப்படியே இருக்கட்டும் அத்தை. நான் முகத்தையும் கழுத்தையும் மட்டும்தான் தொடறேன்."

ஒப்புக்கொண்டார். முழுதாகப் போகவில்லை, முக்கால்வாசி போனது. மிச்சத்தை மறைக்க ஊதா கரெக்டர் போட்டால் நம் நிறத்தில் சாம்பல் தட்டிவிடும். அதனால் பெட்டியில் இருந்த, மஞ்சள் கலப்பு குறைந்த இன்னொரு நிறத்தைப் பாதிக்குப் பாதி கலந்தேன். கழுத்தோடு சேர்ந்தது. 6.30க்கு மேடை ஏற வேண்டியவள் 7.10க்கு ஏறினாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் அந்த நாற்பது நிமிடமும் எப்படி இருந்தது என்பதை எழுதாமல் விடுகிறேன்.

2025 ஆகஸ்ட் 29, வெள்ளி

6 மணி முகூர்த்தத்துக்கு 2.15க்கு எழுப்பினேன். முகத்தைத் தயார்செய்ய 20 நிமிடம், மேக்கப் ஒன்றேகால் மணி, சடை 50 நிமிடம், புடவை 25, நகை 20. 5.25க்கு முடிந்தது. ராத்திரி முழுக்க இருந்ததில் மஞ்சள் இன்னும் வெளுத்திருந்தது, கலவையில் கால் பங்கு போதுமாயிற்று.

கூரைப்புடவையை மட்டும் முன்னாடியே மடிப்பு வைத்துத் தர முடியாது. மேடையில் ஆசீர்வதித்து, தட்டில் கொடுத்த பிறகுதான் பிரிப்பார்கள். ஐயர், "பொண்ணைக் கூட்டிண்டு வாங்கோ" என்று கூப்பிடுவதற்குள் புதுப்பட்டின் விறைப்போடு மல்லுக்கட்ட வேண்டும். இன்று 12 நிமிடம். ஒரு பின் என் விரலில் ஏறியது, புடவையில் ரத்தம் படவில்லை.

2025 செப்டம்பர் 2, செவ்வாய்

ஐப்பசி, கார்த்திகைக்குத் தேதிகள் போய்க்கொண்டிருக்கின்றன. புரட்டாசியில் ட்ரயல்களை முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஒரு நாளில் ஒரு மணப்பெண் மட்டும்தான் எடுப்பேன்.

வாட்ஸ்அப்பில் நான்கு விஷயம் அனுப்புங்கள்: தேதி, மண்டபம், முகூர்த்த நேரம், மொத்தம் எத்தனை புடவை மாற்றம். 5,000 ரூபாய் முன்பணம் வந்த பிறகுதான் தேதியை டைரியில் எழுதுவேன். கல்யாணத் தேதி மாறினால், அந்தப் புதுத் தேதி காலியாக இருந்தால், முன்பணம் அப்படியே அதற்கு மாறும். ரத்தானால் திரும்பாது. ட்ரயல் 1,500, பதிவு செய்தால் கழித்துக்கொள்வேன். கும்பகோணத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை போக்குவரத்து என் செலவு, அதற்கு மேல் கார் வாடகை உங்களுடையது.

இன்று முதல் ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு: நலங்கு எந்த நாள், என்ன மஞ்சள்? வரவேற்பு அன்றே நலங்கு என்றால் இரண்டாவது, மூன்றாவது பேக்கேஜில் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவேன். கட்டணம் கூடாது. தேங்காய் எண்ணெய் மட்டும் வீட்டிலிருந்து கொடுத்துவிடுங்கள்.