பரிசாக மிக்ஸி வைத்தபோதும் எண்ணெய் வைத்தபோதும்

திருப்பூரில் சின்னதாக ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். முதல் பரிசுப் போட்டியை இன்ஸ்டாகிராமில் நடத்தியபோது பரிசு ஒரு மிக்ஸி. பக்கத்தை ஃபாலோ செய்ய வேண்டும், மூன்று நண்பர்களை டேக் செய்ய வேண்டும், அவ்வளவுதான் விதி. ஒரு வாரத்தில் 2,140 கமெண்ட்டுகள், ஏறக்குறைய 1,300 புது ஃபாலோயர்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பரிசை அறிவித்த இரண்டே வாரத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள். கலந்துகொண்ட எல்லோருக்கும் 50 ரூபாய் தள்ளுபடி கூப்பன் அனுப்பியிருந்தேன். அதைப் பயன்படுத்தியவர்கள் நான்கு பேர், அவர்களில் ஒருவரும் இரண்டாம் முறை வரவில்லை. மிக்ஸியை வென்றவர் திருநெல்வேலிக்காரர். அவ்வளவு தூரத்துக்கு நான் எண்ணெய் அனுப்புவதே இல்லை.

வந்தவர்களின் கணக்குகளை ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். பலவற்றில் சொந்தப் படம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் வேறு வேறு கடைகளின் போட்டிப் பதிவுகள். மிக்ஸி யாருக்கு வேண்டாம்? செக்கு எண்ணெய் வாங்கவே போகாதவருக்கும் அது வேண்டும். தப்பு அங்கேதான் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த முறை பரிசை மாற்றினேன். ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதம், மாதம் மூன்று லிட்டர் கடலை எண்ணெய். பரிசைக் கடையில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். இணையத்தில் விற்றுக் காசாக்க அது யாருக்கும் தோதுப்படாது.

கலந்துகொள்ள டேக் எதுவும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் மூன்று கேள்விகளுக்குப் பதில் அனுப்பினால் போதும் என்றேன். இப்போது என்ன எண்ணெய் வாங்குகிறீர்கள்? மாதம் எத்தனை லிட்டர்? அதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? மூன்றாவது கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. நிஜமாகச் சமைப்பவர், "செக்கு எண்ணெயில் பஜ்ஜி போட்டால் நுரை பொங்குது", "பாட்டில் அடியில் கசடு நிக்குது" என்று எழுதுகிறார். பரிசுக்காக வந்தவர், "உங்கள் எண்ணெய் சூப்பர்" என்கிறார், ஒரு சொட்டுகூட வாங்கிப் பார்க்காமலே.

ஒரு லிட்டர் வாங்கினால்தான் போட்டியில் சேரலாம் என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். தெரிந்த வக்கீல் வேண்டாம் என்றார். காசு கொடுத்துச் சேர்வது, அதிர்ஷ்டத்தில் ஆளைத் தேர்ந்தெடுப்பது, பரிசு கொடுப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி மாதிரி ஆகிவிடும் என்றார். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. அதனால் சேர்வதற்குக் காசு இல்லை என்றே வைத்துக்கொண்டேன்.

வந்தவை மொத்தம் 163. அதில் ஒரே மாலையில், எழுத்துப் பிழைகூட மாறாமல் ஒரே வாசகத்தில் 31 பதில்கள் வந்தன. பரிசுப் போட்டிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒரு குழுவில் நம் பதிவைப் போட்டிருக்கிறார்கள் போல. ஒரே பதில் இரண்டு எண்களில் இருந்து வந்தால் எடுக்கமாட்டோம் என்று முதலிலேயே விதியில் எழுதியிருந்ததால் அவற்றை நீக்கியதில் தகராறு வரவில்லை. மீதி 132 பேரின் பெயர்களைச் சீட்டில் எழுதி, கடையிலேயே, வந்திருந்த வாடிக்கையாளர்கள் முன்னால் குலுக்கி எடுத்தோம்.

அப்புறம் செய்ததைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பரிசு கிடைக்காத 131 பேருக்கும் அவரவர் எழுதிய குறையைக் குறிப்பிட்டே பதில் அனுப்பினேன். நுரையைச் சொன்னவருக்கு, அடி கனமான அகலச் சட்டியில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, மெதுவாகச் சூடாக்கிப் பாருங்கள் என்றேன். கசடைச் சொன்னவருக்கு, நாங்கள் எத்தனை நாள் தெளிய வைக்கிறோம் என்று சொன்னேன். கூடவே, பத்து நாளுக்குள் கடைக்கு வந்தால் 100 மில்லி இலவசம் என்றேன். 58 பேர் வந்தார்கள். அதில் 34 பேர் அங்கேயே ஒரு லிட்டர் வாங்கினார்கள்.

அதையும் நான் வெற்றியாக எண்ணவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு லிட்டர் இரண்டு மூன்று வாரம் வரும். அதனால் 45-ஆம் நாளில் பில்களைப் பார்த்தேன். இரண்டாம் முறை வாங்கியவர்கள் 19 பேர். பரிசும் மாதிரி பாட்டில்களும் எனக்கு அடக்கவிலையில் சுமார் 5,700 ரூபாய் ஆகின. ஒரு வாடிக்கையாளருக்கு 300 ரூபாய். லிட்டருக்கு 60 ரூபாய் லாபம் நிற்கும் என் கடையில், மாதம் இரண்டு லிட்டர் வாங்கும் வீடு இரண்டரை மாதத்தில் அதைத் திருப்பித் தந்துவிடும்.

ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டேன். நான்கு வருடமாக வாங்கும் ஒரு அம்மா, "புதுசா வர்றவங்களுக்குத்தான் எல்லாமா கண்ணு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தீபாவளிக்கு முன் நல்லெண்ணெய்க்கு நடத்தப்போகும் போட்டியில், பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு 100 மில்லி பாட்டில்கள் கொடுக்கப் போகிறேன். ஒன்று அவர்களுக்கு, இன்னொன்று அவர்கள் விரும்பும் பக்கத்து வீட்டுக்கு.