13 கேட்டேன், 13 கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், தப்பு என் பக்கம்தான் ஆரம்பித்தது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக கன்சல்டன்சியிலிருந்து அழைத்தபோது, "எக்ஸ்பெக்டேஷன் எவ்வளவு சார்?" என்று கேட்டார்கள். நான் பெல்லந்தூர் நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "13" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது ஃபிக்ஸடா, எல்லாம் சேர்த்தா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று ரவுண்டு நேர்காணல் நன்றாகவே போனது. கடைசி ரவுண்டில் பேசிய மேனேஜர் எனக்கு மிகவும் பிடித்துப்போனார். வியாழக்கிழமை சாயங்காலம் ஆஃபர் வந்தது. 13 லட்சம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அன்று கேசரி.

கேசரி சாப்பிட்டுக்கொண்டே கடைசிப் பக்கத்தில் இருந்த சம்பளப் பிரிப்பைப் பார்த்தேன். 13 லட்சத்தில் 1,30,000 வேரியபிள், அது வருடக் கடைசியில், வந்தால் வரும். அடிப்படைச் சம்பளம் 5,20,000. நிறுவனத்தின் பங்கு பி.எஃப் அதில் 12 சதவீதம், 62,400. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், 25,012. இன்ஷூரன்ஸ் பிரீமியம் 12,588. இதெல்லாம் போக மிச்சம் 10,70,000, அதாவது மாதம் 89,167. அதிலிருந்து என் பங்கு பி.எஃப் 5,200, தொழில் வரி 200 பிடித்தால் கைக்கு 83,767.

இப்போது நான் வாங்குவது 11 லட்சம். இங்கே பி.எஃப்பை 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 பிடிக்கிறார்கள், வேரியபிள் கிடையாது, கிராஜுவிட்டியைச் சம்பளத்துக்குள் சேர்த்துக் காட்டுவதும் இல்லை. கைக்கு 87,867 வருகிறது. வேலை மாறினால் மாதம் 4,100 குறையும். பி.எஃப் என் பணம்தானே என்று சொல்லலாம். உண்மைதான், அந்த 4,100இல் 3,400 என் கணக்குக்குத்தான் போகிறது, நிறுவனமும் கூடுதலாகப் போடுகிறது. ஆனால் அல்சூர் வீட்டு ஓனர் பி.எஃப் பாஸ்புக்கைப் பார்த்து வாடகையைக் கழித்துக்கொள்ள மாட்டார். கிராஜுவிட்டியோ ஐந்து வருடம் இருந்தால்தான்.

வெள்ளிக்கிழமை அந்த நிறுவனத்தின் ஹெச்.ஆரிடம் பேசினேன். ஃபிக்ஸட் மட்டும் 13 ஆக்க முடியுமா என்று கேட்டதற்கு, "நீங்கள் கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறோம்?" என்றார். பதில் இல்லை என்னிடம். ஜாய்னிங் போனஸ் 50,000 தருவதாகச் சொன்னார், ஒரு வருடத்துக்குள் போனால் திருப்பிக் கட்ட வேண்டும். அது ஒரு முறை வருவது, சம்பளம் மாதாமாதம் வருவது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

அடுத்த தப்பை சனிக்கிழமை செய்தேன். கன்சல்டன்சிக்காரர் அழைத்து என்ன முடிவு என்று கேட்க, "சரிவராது சார், சம்பளம் கம்மி" என்று வாயாலேயே சொல்லிவிட்டேன். மெயில் எழுதும் வேலை மிச்சம் என்று ஒரு அற்ப சந்தோஷம் வேறு. அவர் அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தாரோ, ஞாயிறு ராத்திரி மேனேஜரிடமிருந்து லிங்க்ட்இனில் ஒரு செய்தி: வேறு ஆஃபர் கையில் வைத்துக்கொண்டுதான் எங்களோடு பேசினீர்கள் என்று கேள்விப்பட்டேன், முன்பே சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு ஆஃபரே கிடையாது! நடுவில் இருப்பவர் வழியாக மறுப்பைச் சொன்னால் காரணம் அவருக்கு வசதியான வடிவத்தில்தான் போய்ச் சேரும் என்பது எனக்கு அன்று புரிந்தது.

உடனே உட்கார்ந்து கோபத்தில் ஒரு மெயில் எழுதினேன். மேலே சொன்ன கணக்கு முழுவதும் அதில் இருந்தது, "சந்தை நிலவரம்" என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை. ஹெச்.ஆர் வேலை பார்க்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் மடிவாளாவில் இருக்கிறார். அவருக்குப் படித்துக் காட்டினேன். "தம்பி, இது மறுப்பா, பேரமா? நீ கணக்குப் போட்டுக் காட்டினால் அவர்களும் பதிலுக்குக் கணக்குப் போடுவார்கள். வரமாட்டேன் என்று முதலில் சொல். அப்புறம், 13 என்று சொன்னது நீதான் என்பதை நீயே எழுது. அவர்கள் எழுதினால் அது குற்றச்சாட்டு" என்றார்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் கசந்தது. ஆனால் மெயிலைக் காப்பாற்றியதும் அதுதான். ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன். பெறுநர் ஹெச்.ஆர், நகல் மேனேஜருக்கும் கன்சல்டன்சிக்கும். தலைப்பில் பதவியின் பெயர், என் பெயர், "ஆஃபர் குறித்த முடிவு", அவ்வளவுதான்.

"வணக்கம். ஆஃபருக்கும், மூன்று ரவுண்டிலும் நீங்கள் ஒதுக்கிய நேரத்துக்கும் நன்றி. யோசித்துப் பார்த்ததில் இந்த ஆஃபரை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் சம்பளம் மட்டுமே: மாதம் கைக்கு வரும் தொகை இப்போது வாங்குவதைவிடக் குறைகிறது. 13 லட்சம் என்று சொன்னது நான்தான். ஃபிக்ஸட் தொகையைத்தான் மனதில் வைத்திருந்தேன், அதை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லாதது என் தவறு, மன்னிக்கவும். என்னிடம் வேறு ஆஃபர் எதுவும் இல்லை. மேனேஜர் விளக்கிய பில்லிங் சிஸ்டம் மாற்றும் வேலை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. இதே குழுவில் பின்னால் 13 லட்சம் ஃபிக்ஸட் கொடுக்கக்கூடிய இடம் வந்தால் பேச விரும்புகிறேன். என் சொந்த மெயிலும் எண்ணும் கீழே."

எழுதும்போது தயங்கிய இடம் ஒன்று, தொகையைச் சொல்வதா வேண்டாமா என்பது. சொல்லாமல் "எதிர்காலத்தில் சந்திப்போம்" என்று முடித்தால் அது மரியாதைக்குச் சொன்னதாகவே படும், யாரும் திரும்ப அழைக்க மாட்டார்கள். தொகை இருந்தால், எப்போது அழைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அது "பின்னால்" என்ற வார்த்தைக்குப் பிறகு வர வேண்டும். முன்னால் வந்தால் திங்கள் மதியமே இன்னொரு பேரம் ஆரம்பித்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம். ஆஃபர் வந்த போர்ட்டலில் மறுக்கும் பட்டன் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் அவர்கள் பக்கம் தானாக ஒரு மெயில் போகும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். என் மெயில் போன ஒரு மணி நேரம் கழித்துத்தான் அழுத்தினேன், காரணத்தில் சம்பளம் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சனிக்கிழமையே அழுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஹெச்.ஆரிடமிருந்து ஒரு வரி நன்றி வந்தது. மேனேஜர் அன்று பதில் எழுதவில்லை. எனக்கு இரண்டு நாள் வயிற்றைக் கலக்கியது. புதன்கிழமை எழுதினார்: "வேறு ஆஃபர் இல்லை என்பதைச் சொன்னதற்கு நன்றி. இந்தப் பதவிக்கு இவ்வளவுதான் பட்ஜெட். ஏப்ரலில் இதற்கு மேல்படியில் ஒரு இடம் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் எழுதுகிறேன்." கிடைக்குமோ என்னவோ, லிங்க்ட்இனில் இணைப்பு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்.

கன்சல்டன்சிக்காரர் மட்டும் மாறவில்லை. போன வாரம் வேறொரு நிறுவனத்துக்காக அழைத்தார். "எக்ஸ்பெக்டேஷன் எவ்வளவு சார்?" மறுபடியும் பஸ்ஸில்தான் இருந்தேன். இறங்கி, ஓரமாக நின்று, "ஃபிக்ஸடா, எல்லாம் சேர்த்தா கேட்கிறீர்கள்?" என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.