அம்மாவின் எண்ணை மாற்றிய கதை

ஜூலை 6, 2025
கேஸ் டெலிவரிக்காரர் திரும்பிப் போய்விட்டார். அம்மாவின் போனுக்கு வர வேண்டிய நான்கு இலக்கக் குறியீடு வரவில்லை. மாடிப்படியின் ஏழாவது படியில் நின்றால்தான் அங்கே சிக்னல். சிம் கம்பெனியை மாத்திடலாம் என்றேன். "நம்பர் போயிடுமேப்பா, பேங்க்ல எல்லாம் இதுதானே இருக்கு" என்றார் அம்மா. நம்பர் அப்படியேதான் இருக்கும், 2011 ஜனவரியிலிருந்தே நாடு முழுக்க அந்த வசதி உண்டு என்று சொல்லியும் முகம் தெளியவில்லை.

ஜூலை 7
அப்பாவின் தயக்கம் வேறு. பிப்ரவரியில்தான் இரண்டு பேர் எண்ணுக்கும் தலா 2,400 ரூபாய்க்கு ஒரு வருட ரீசார்ஜ் போட்டார். மாறினால் மீதிக் காலம் வீண். மாதம் 200 என்று வைத்தால் ஏழு மாதத்துக்கு 1,400. நாம் இதே கம்பெனியில் இருந்தாலும் மாறினாலும் அந்தப் பணம் திரும்பாது. ஏழு மாதமும் படியேறி நிற்பதா, இன்னொரு 1,400 கொடுப்பதா என்பதுதான் கேள்வி என்றேன். வருட ரீசார்ஜில் விலை குறைவு என்பது உண்மை, ஆனால் நம்மைக் கட்டிப்போடும் கயிறும் அதுதான். அப்பா பதில் சொல்லவில்லை.

ஜூலை 8
சிம் பழசானதால்தான் இப்படி என்று அப்பா பழைய கம்பெனியிலேயே புது சிம் வாங்கி வந்தார். அதே ஏழாவது படி. பக்கத்து வீட்டு அக்காவின் போன் வேறு கம்பெனி. எங்கள் அடுப்படியிலேயே முழு சிக்னல். அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவே "சரி, மாத்து" என்றார்.

ஜூலை 10
அம்மாவின் போனிலிருந்து 1900-க்கு PORT என்று போட்டு, இடம் விட்டு, எண்ணை அனுப்பினேன். மறுப்பு. சிம் மாற்றினால் ஏழு நாள் கழித்துத்தான் கம்பெனி மாறத் தேவையான போர்ட்டிங் குறியீடு தருவார்களாம். எண் திருட்டைத் தடுக்கப் போன வருட ஜூலையில் வந்த விதி. நியாயமான விதிதான், ஆனால் தெரிந்திருந்தால் அந்த சிம்மையே வாங்கியிருக்க மாட்டோம்.

ஜூலை 17
மறுபடி அனுப்பியதில் நேற்று அந்த எட்டு எழுத்துக் குறியீடு வந்தது. நான்கு நாள்தான் செல்லும். இன்று கடையில் ஆதார் கைரேகை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல். வலது கையில் ஒன்றும் பதியவில்லை. இடது மோதிர விரலில்தான் இயந்திரம் பச்சை காட்டியது. அம்மா சேலையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

ஜூலை 22
ராத்திரி பழைய சிம் செத்தது, புதுசைப் போட்டேன். பணம் அனுப்பும் செயலி எண்ணை மறுபடி உறுதி செய்யச் சொன்னது; இரண்டு நிமிட வேலை. பேங்கில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இனி 90 நாளுக்கு வேறு கம்பெனிக்குப் போக முடியாது; அதற்குமேலும் கட்டுப்பட வேண்டாம் என்று மாத ரீசார்ஜ் மட்டும் போட்டிருக்கிறேன்.

காலையில் மாமா கூப்பிட்டார். அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே பேசினார். அப்பாவின் எண் பிப்ரவரி வரை பழைய கம்பெனியில்தான்.