மூன்றாவது மணித்தியாலத்துக்குப் பழகுதல்

குற்றவியல் சட்டத்துக்கு நான் எழுதிய முதல் முழு மாதிரித் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் விடை ஆறரைப் பக்கம், ஐந்தாவது விடை முக்கால் பக்கம். ஐந்தாவது வினாவுக்கு விடை எனக்குத் தெரியும். முதல் வினாவிலேயே 55 நிமிடத்தைச் செலவழித்துவிட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் தாள் மூன்று மணித்தியாலம், ஐந்து வினாக்கள். வாசித்துத் தெரிவுசெய்ய 10 நிமிடம், முடிவில் சரிபார்க்க 10 நிமிடம் ஒதுக்கினால் ஒரு வினாவுக்கு 32 நிமிடம் கிடைக்கும். உங்கள் தாளின் அமைப்பு வேறென்றால் இதேபோல் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நான்கு வாரங்களில் வாரத்துக்கு இரண்டு தாள்கள் எழுதினேன். பரீட்சை காலை 9 மணிக்கு என்பதால் மாதிரித் தாளையும் காலை 9 மணிக்கே தொடங்கினேன். பரந்தனில் எங்கள் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, கோடிட்ட தாளில், அதே பேனாவால் எழுதினேன். வீதியில் லாண்ட்மாஸ்டர் போகும், மின்சாரம் நிற்கும், வியர்வையில் தாள் கையோடு ஒட்டும். எழுந்து போகக் கூடாது என்பது மட்டுமே விதி. தங்கை கடிகாரத்தைப் பார்த்து, “அண்ணா, நேரம்” என்பாள். வசனம் பாதியில் நின்றாலும் அரைப் பக்கம் வெறுமையாக விட்டு அடுத்த வினாவுக்குப் போவேன். முடிந்த விடையை மெருகூட்டிப் பெறும் புள்ளியைவிட, தொடாத விடையின் முதல் பக்கம் தரும் புள்ளி அதிகம்.

ஒவ்வொரு விடையும் தொடங்கிய நேரத்தை ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். களைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அந்த எண்களும் கையெழுத்தும் காட்டிவிடும். எனக்கு அது நான்காவது விடையில்.

ஒரு தாளில் அந்த நான்காவது வினா இப்படி இருந்தது: வேலித் தகராறில் ஒருவன் அவமானப்படுத்தப்படுகிறான், வீடு சென்று, 20 நிமிடத்தில் கத்தியுடன் திரும்பிக் குத்திக் கொல்கிறான். எனக்கு எல்லாமே மறந்துபோனது. பதறிப்போய், தண்டனைச் சட்டக்கோவையில் நினைவிருந்ததையெல்லாம் கொட்டினேன். அடுத்த தாளிலிருந்து, மனம் வெறுமையானால் பேனாவை வைத்துவிட்டு இரண்டு நிமிடம் சட்டகம் மட்டும் போடப் பழகினேன். இந்த வினாவுக்கு அது நான்கே வரி: மரணம் விளைவித்தமையும் எண்ணமும், பிரிவு 293; கொலையா, பிரிவு 294; முதல் விதிவிலக்கு, சினமூட்டல் கடுமையானதும் திடீரென்றதுமா; அந்த 20 நிமிடத்தில் தன்னடக்கம் திரும்பியிருக்குமா. நான்காவது வரியில்தான் வழக்கே இருக்கிறது. அதைக் கண்டதும் கை தானாக எழுதத் தொடங்கிவிடும்.

எழுதிய அன்றே திருத்த வேண்டாம். மறுநாள் காலையில், சட்டத்தைச் சொல்லிவிட்டுச் சம்பவத்துக்குப் பொருத்தாமல் விட்ட இடங்களை மட்டும் சிவப்பால் கோடிடுங்கள். என் தாள்களில் அந்தக் கோடுகள் எப்போதும் கடைசி இரு விடைகளிலேயே குவிந்திருந்தன.

பரீட்சைக்கு முந்தைய மூன்று நாட்களில் முழுத்தாள் எழுதவில்லை. விரல் வலியோடு கொழும்புக்கு ரயில் ஏற விரும்பவில்லை. சட்டகங்கள் மட்டும் போட்டேன், நாளுக்கு ஆறு.